பூஜ்ஜியத்தின் மேல் எழுதிய குட்டி ஒன்பது

படத்தில் இருப்பது நான்காம் வகுப்புப் பயிற்சித்தாள் ஒன்றின் முக்கால் பக்கம். ஐந்து கழித்தல் கணக்குகள், பென்சிலில் எழுதிய விடைகள். அவற்றின் மேல் சிவப்பு மையில் ஒரு சரிக்குறி, நான்கு பெருக்கல் குறிகள். பக்கத்தின் அடியில் ‘கவனம் தேவை’ என்று ஒரு வரி. அனுப்பியவர் என் அண்ணன். “கூட்டல் எல்லாம் நல்லாத்தான் போடுறா. கழித்தல்ல மட்டும் இப்படி. நீ கொஞ்சம் பாரு” என்று படத்தின் கீழே எழுதியிருந்தார். அவருடைய மகள் போட்ட விடைகள் இவை:

```
 605 -  281 =  324
 503 -  278 =  325
 700 -  346 =  454
4002 - 1567 = 2535
6040 - 2875 = 4165
```

முதல் கணக்கு சரி. மற்ற நான்கும் தவறு. சரியான விடைகள் வரிசையாக 225, 354, 2435, 3165. குழந்தையின் விடை ஒவ்வொன்றிலிருந்தும் சரியான விடையைக் கழித்துப் பாருங்கள். முதல் மூன்று தவறுகளிலும் சரியாக 100 கூடுதலாக இருக்கிறது. கடைசிக் கணக்கில் சரியாக 1000 கூடுதல். கவனம் சிதறிப் போட்ட கணக்கில் ஓரிடத்தில் 2 கூடும், இன்னோரிடத்தில் 30 குறையும், வேறோரிடத்தில் இலக்கமே இடம் மாறிப்போகும். நான்கு கணக்கிலும் தவறு இப்படி ஒரே முகத்தோடு வந்து நிற்காது. இந்தக் குழந்தை நான்கு கணக்கையும் மிகுந்த கவனத்தோடுதான் போட்டிருக்கிறாள். அவள் கையில் இருந்த விதிதான் தவறு.

அந்த விதி எது என்பதைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். விடை மட்டும் கையில் இருந்தால் ஊகிக்கத்தான் முடியும். தாளின் படம் இருந்தால் அடித்தல்கள் தெரியும், மேலே எழுதிய குட்டி எண்கள் தெரியும். 605 கணக்கில் 6 அடிக்கப்பட்டு, அதன் மேல் 5 எழுதப்பட்டிருக்கிறது. பூஜ்ஜியத்தின் மேல் 10. இது சரி. 503 கணக்கில் பூஜ்ஜியம் அடிக்கப்பட்டு அதன் மேல் ஒரு குட்டி 9 இருக்கிறது. 3இன் மேல் 13. ஆனால் 5இன் மேல் ஒரு கோடுகூட இல்லை. அது ஐந்தாகவே நிற்கிறது. 700 கணக்கில் 7 அப்படியே இருக்கிறது. 6040இல் 6 அப்படியே இருக்கிறது.

தொலைபேசியில் அவளிடமே கேட்டேன். 503இலிருந்து 278ஐ எப்படிக் கழித்தாய் என்று சொல்லச் சொன்னேன்.

“மூணுல எட்டு போகாது அத்தை. அதனால பக்கத்துல ஜீரோகிட்ட கடன் கேக்கணும். ஜீரோகிட்ட கேட்டா அது ஒம்போது ஆயிடும். மூணு பதிமூணு ஆயிடும்.”

“சரிடா, அப்போ அஞ்சு?”

“அஞ்சுகிட்ட நான் கேக்கவே இல்லையே அத்தை!”

அவள் சொன்னதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கடன் கேட்டது பூஜ்ஜியத்திடம், பூஜ்ஜியம்தான் மாறியது, ஐந்தை யாரும் தொடவில்லை, பிறகு அது ஏன் குறைய வேண்டும்? ‘ஜீரோவிடம் கேட்டால் ஒன்பது ஆகும்’ என்பது வகுப்பில் கேட்ட ஒரு நீண்ட விளக்கத்தின் வால் பகுதி. தலை நழுவிவிட்டது, வால் மட்டும் மனதில் நின்றுவிட்டது. அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால், ஐந்து ஏன் குறைகிறது என்பதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்குப் பணத்தை எடுத்துக்கொள்வோம். கையில் 503 ரூபாய் இருக்கிறது: ஐந்து நூறு ரூபாய்த் தாள்கள், பத்து ரூபாய்த் தாள் ஒன்றுகூட இல்லை, மூன்று ஒரு ரூபாய்க் காசுகள். 503 என்ற எண்ணின் மூன்று இலக்கங்களும் சொல்வது இதைத்தான். நடுவில் உள்ள பூஜ்ஜியம் ‘தனியாகப் பத்து ரூபாய்த் தாள் இல்லை’ என்கிறது. இப்போது ஒருவருக்கு 278 ரூபாய் கொடுக்க வேண்டும்: இரண்டு நூறு, ஏழு பத்து, எட்டுக் காசு. இதே தாள்களாகவும் காசுகளாகவும்தான் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

காசிலிருந்து தொடங்குகிறோம். எட்டுக் காசு வேண்டும், இருப்பதோ மூன்று. பத்து ரூபாய்த் தாள் ஒன்றைச் சில்லறையாக்கினால் பத்துக் காசு கிடைக்கும். ஆனால் பத்து ரூபாய்த் தாளே இல்லை. ஆகவே முதலில் ஒரு நூறு ரூபாய்த் தாளை மாற்ற வேண்டும். ஐந்து நூறில் ஒன்று போய், பத்து ரூபாய்த் தாள்கள் பத்து வருகின்றன. கையில் இப்போது நான்கு நூறு, பத்துப் பத்து, மூன்று காசு. கூட்டிப் பார்த்தால் 400, 100, 3. அதே 503தான். எதையும் யாருக்கும் இன்னும் கொடுக்கவில்லை.

இப்போது பத்து ரூபாய்த் தாள் இருக்கிறது. அதில் ஒன்றை எடுத்துப் பத்துக் காசாக மாற்றுகிறோம். பத்துத் தாளில் ஒன்று போக மீதி ஒன்பது. அந்த ஒன்பதுதான் பூஜ்ஜியத்தின் மேல் குழந்தை எழுதும் குட்டி ஒன்பது. காசுகள் மூன்றோடு பத்து சேர்ந்து பதின்மூன்று. கையில் நான்கு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று காசு. 400, 90, 13. கூட்டினால் மறுபடியும் 503.

பூஜ்ஜியம் நேராக ஒன்பது ஆகவில்லை. முதலில் பத்து ஆயிற்று, பிறகு ஒன்று கொடுத்து ஒன்பது ஆயிற்று. இரண்டு மாற்றங்கள் நடந்திருக்கின்றன. தாளில் ஒரே ஒரு குட்டி எண்ணை எழுதிவிட்டு நகர்வதால் முதல் மாற்றம் கண்ணுக்கு மறைந்துபோகிறது. குழந்தை புதிதாகக் கற்கும் நாட்களில் அந்தப் பத்தையும் எழுதவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பூஜ்ஜியத்தை அடித்து 10 எழுதட்டும். பிறகு அந்தப் பத்தையும் அடித்து 9 எழுதட்டும். தாள் கொஞ்சம் அசிங்கமாகும். ஆனால் பத்து எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும், அதற்கு விடை சொல்ல இடப்பக்கத்து ஐந்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

இனிக் கழித்தல் எளிது. பதின்மூன்றில் எட்டு போக ஐந்து. ஒன்பதில் ஏழு போக இரண்டு. நான்கில் இரண்டு போக இரண்டு. விடை 225.

```
  4  9 13
  5  0  3
- 2  7  8
---------
  2  2  5
```

பள்ளிப் பாடநூல் இதை இனமாற்றம் என்கிறது. நூறுகளை மாற்றிப் பத்துகளாக்குகிறோம், பத்துகளை மாற்றி ஒன்றுகளாக்குகிறோம். மாற்றும்போது மொத்த மதிப்பு மாறக்கூடாது. இந்த ஒரு நிபந்தனையிலிருந்தே குழந்தைக்கு ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது: கழிக்கத் தொடங்கும் முன், மேலே எழுதிய குட்டி எண்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். மேல் எண் திரும்பக் கிடைக்க வேண்டும். அண்ணன் மகளின் தாளில் 503இன் மேல் நின்றவை 5, 9, 13. ஐந்து நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. 500, 90, 13. கூட்டினால் 603. கையில் 503 ரூபாயோடு கடைக்குப் போனவரிடம் சில்லறை மாற்றியதும் 603 ரூபாய் ஆகிவிட்டது. அந்த நூறு ரூபாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் குழந்தை தானே கண்டுபிடித்துவிடுவாள். விடையில் கூடுதலாக நின்ற நூறும் இந்த நூறுதான்.

விடையைச் சரிபார்க்கக் கூட்டிப் பார்க்கச் சொல்வது எல்லோரும் செய்வது. 325உடன் 278ஐக் கூட்டினால் 603, ஆகவே தவறு. நல்ல வழிதான். ஆனால் தவறு இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும், எந்த அடியில் நேர்ந்தது என்று சொல்லாது. குட்டி எண்களைக் கூட்டிப் பார்க்கும் சோதனை தவறு நேர்ந்த இடத்திலேயே, கழிப்பதற்கு முன்பே பிடித்துவிடுகிறது.

அப்படியானால் 605 கணக்கு மட்டும் அவளுக்கு எப்படிச் சரியாக வந்தது? அதிலும் நடுவில் பூஜ்ஜியம் இருக்கிறதே? அந்தக் கணக்கில் ஒன்றுகளுக்குக் கடன் தேவைப்படவில்லை. ஐந்தில் ஒன்று போக நான்கு. அடுத்து பத்துகளின் இடத்தில் பூஜ்ஜியத்திலிருந்து எட்டைக் கழிக்க வேண்டும். இங்கே பூஜ்ஜியம் தனக்காகத்தான் வாங்குகிறது. ஆறு நூறில் ஒன்றை மாற்றினால் பத்துப் பத்துகள் கிடைக்கின்றன; அவற்றில் எதையும் வலப்பக்கம் தர வேண்டியதில்லை. பத்தும் அங்கேயே தங்குகிறது. பத்தில் எட்டு போக இரண்டு. ஐந்தில் இரண்டு போக மூன்று. 324. குட்டி எண்களைக் கூட்டினால் 500, 100, 5, சரியாக 605.

பூஜ்ஜியம் சில கணக்குகளில் 10 ஆவதும் சில கணக்குகளில் 9 ஆவதும் குழந்தைகளைக் குழப்பும். எப்போது எது என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவைப்பதில் பயனில்லை. பணத்தை மனதில் வைத்தால் போதும். பூஜ்ஜியத்துக்கு இடப்பக்கத்திலிருந்து வருவது எப்போதும் பத்துதான். அது வலப்பக்கத்துக்கு ஒன்று கொடுத்திருந்தால் மீதி ஒன்பது, கொடுக்காவிட்டால் பத்து.

முதல் கணக்கின் சரிக்குறி இன்னொன்றையும் சொல்கிறது. இந்தக் குழந்தைக்கு இனமாற்றமே தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆறை ஐந்தாக்கிப் பக்கத்தில் பத்துச் சேர்க்க அவளுக்கு நன்றாகவே தெரிகிறது. யாரிடம் கேட்கிறாளோ அந்த இலக்கம் பூஜ்ஜியமாக இருக்கும்போது மட்டும் தடுக்கி விழுகிறாள். தாள் முழுவதையும் மறுபடி நடத்த வேண்டியதில்லை, இந்த ஓர் இடத்தை நடத்தினால் போதும்.

700 கணக்கில் புதிதாக ஒன்றுமில்லை. ஏழு நூறு ஆறு நூறாகிறது, நடுவில் ஒன்பது, கடைசியில் பத்து. 600, 90, 10. விடை 354.

4002இலிருந்து 1567ஐக் கழிப்பதில்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். இங்கே இரண்டு பூஜ்ஜியங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டில் ஏழு போகாது. பத்துகள் இல்லை. நூறுகளும் இல்லை. ஆயிரத்துக்குத்தான் போக வேண்டும். ஆயிரம் ரூபாய்த் தாள் 2016 நவம்பரில் செல்லாமல் போய்விட்டது. அதனால் பத்து நூறு ரூபாய்த் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய கட்டு என்று வைத்துக்கொள்வோம். அப்படி நான்கு கட்டுகளும் இரண்டு காசும் இருக்கின்றன. ஒரு கட்டைப் பிரிக்கிறோம்: மூன்று கட்டு, பத்து நூறு. அந்தப் பத்து நூறில் ஒன்றை மாற்றுகிறோம்: ஒன்பது நூறு, பத்துப் பத்து. பத்துப் பத்தில் ஒன்றை மாற்றுகிறோம்: ஒன்பது பத்து, பன்னிரண்டு காசு. மேல் வரிசையில் 3, 9, 9, 12. கூட்டினால் 3000, 900, 90, 12. மொத்தம் 4002.

```
  3  9  9 12
  4  0  0  2
- 1  5  6  7
------------
  2  4  3  5
```

குழந்தையின் தாளில் இதே இடத்தில் 3, 10, 9, 12 என்று இருந்தது. பத்துகளின் பூஜ்ஜியத்திடம் ‘கேட்டு’ அதை ஒன்பதாக்கிவிட்டாள். நூறுகளின் பூஜ்ஜியத்தை அப்போது தொடவில்லை. பிறகு அந்தப் பூஜ்ஜியத்திலிருந்து ஐந்தைக் கழிக்க முடியாமல் போனதும், நான்கிடம் வாங்கி அதைப் பத்தாக்கினாள். 3000, 1000, 90, 12. கூட்டினால் 4102. இங்கேயும் ஒரு நூறு கூடிவிட்டது. விடையின் 2535 அதனால்தான்.

இரண்டு பூஜ்ஜியங்களைத் தாண்டும் இந்தக் கணக்கை இன்னும் எளிதாகப் பார்க்க ஒரு வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழி அதுதான். 4002இல் பத்துகள் இல்லை என்று சொன்னோம் அல்லவா? தனியாக நிற்கும் பத்துகள்தான் இல்லை. நான்காயிரத்துக்குள் எத்தனை பத்துகள் அடங்கியிருக்கின்றன? நானூறு. கடைசி இலக்கத்தை விரலால் மூடினால் மீதித் தெரிவது 400. அதுதான் பத்துகளின் எண்ணிக்கை. ஆகவே 4002 என்பது 400 பத்துகளும் 2 ஒன்றுகளும். ஒரு பத்தை எடுத்து ஒன்றுகளோடு சேர்த்தால் மிஞ்சுவது 399 பத்துகளும் 12 ஒன்றுகளும். நானூறில் ஒன்று குறைந்தால் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்பதை நான்காம் வகுப்புக் குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்பதுகள் தாமாகவே வந்து உட்கார்கின்றன, நான்கு தானாகவே மூன்றாகிறது. 503க்கும் இதுவே: 50 பத்துகள், அதில் ஒன்று போனால் 49. ஐந்து நான்காக வேண்டும் என்று தனியே நினைவூட்டத் தேவை இல்லை.

அண்ணன் மகளிடம் 503இன் கடைசி இலக்கத்தை விரலால் மூடச் சொல்லி, “இப்போ என்ன தெரியுது?” என்று கேட்டேன். “அம்பது.” “அதுல ஒண்ணு எடுத்தா?” “நாப்பத்தொம்போது.” கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, “அய்யோ, அஞ்சு நாலா ஆவுது அத்தை” என்றாள்.

இப்படி முழு எண்ணாகப் பார்ப்பதில்தான் இந்தப் பாடத்தின் உயிர் இருக்கிறது என்பதை லிப்பிங் மா என்ற கணிதக் கல்வி ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அமெரிக்காவில் 23 தொடக்கநிலை ஆசிரியர்களிடமும் சீனாவில் 72 ஆசிரியர்களிடமும் இனமாற்றக் கழித்தலை எப்படி நடத்துவீர்கள் என்று அவர் கேட்டார். அமெரிக்க ஆசிரியர்களில் பலர் பக்கத்து இலக்கத்திடம் ஒன்று வாங்கிக்கொள்வதாகவே விளக்கினார்கள். சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் மேல் அலகு ஒன்றைப் பிரித்துக் கீழ் அலகுகளாக்குவதாக விளக்கினார்கள். பக்கத்து வீட்டில் வாங்குவதுபோலச் சொன்னால், மேல் வரிசையின் இலக்கங்கள் ஒரே எண்ணின் பகுதிகள் என்பது மறைந்து, தனித்தனி எண்களாகத் தோன்றிவிடும் என்று மா எச்சரிக்கிறார். ‘அஞ்சுகிட்ட நான் கேக்கவே இல்லையே’ என்ற பதிலில் நடந்திருப்பது அதுவே.

6040 கணக்கில் கடன் இரண்டு முறை வருகிறது. முதல் முறை வழக்கமானது: ஒன்றுகளின் பூஜ்ஜியத்தில் ஐந்து போகாது, பக்கத்தில் நான்கு பத்துகள் இருக்கின்றன, ஒன்றை எடுத்தால் மூன்று பத்தும் பத்து ஒன்றும். பத்தில் ஐந்து போக ஐந்து. அடுத்து பத்துகளின் இடத்தில் மூன்றில் ஏழு போகாது. இப்போது பக்கத்தில் இருப்பது நூறுகளின் பூஜ்ஜியம். ஆறு ஆயிரத்தில் ஒன்றைப் பிரித்தால் ஐந்து ஆயிரமும் பத்து நூறும். பத்து நூறில் ஒன்றை மாற்றினால் ஒன்பது நூறு. பத்துகள் மூன்றும் பத்தும் சேர்ந்து பதின்மூன்று. பதின்மூன்றில் ஏழு போக ஆறு, ஒன்பதில் எட்டு போக ஒன்று, ஐந்தில் இரண்டு போக மூன்று. 3165.

```
  5  9 13 10
  6  0  4  0
- 2  8  7  5
------------
  3  1  6  5
```

5000, 900, 130, 10. கூட்டினால் 6040. குழந்தையின் தாளில் 6, 9, 13, 10. அது 7040. பூஜ்ஜியம் நூறுகளின் இடத்தில் இருந்ததால், குறைக்காமல் விட்டது ஒரு ஆயிரம். கடைசிக் கணக்கின் பிழை மட்டும் ஆயிரமானது இதனால்தான்.

எல்லாக் குழந்தைகளும் இதே தவறைச் செய்வதில்லை. 503இலிருந்து 278ஐக் கழித்து 135 என்று எழுதும் குழந்தையும் உண்டு. அந்தக் குழந்தை ஐந்தை நான்காக்குகிறது, ஆனால் பூஜ்ஜியத்தைத் தாண்டி நேராக மூன்றுக்குப் பத்தைக் கொடுத்துவிடுகிறது. பிறகு பூஜ்ஜியத்தில் ஏழு போகாததால் நான்கிடம் மறுபடி வாங்குகிறது. மேல் வரிசை 3, 10, 13. கூட்டினால் 413. தொண்ணூறு குறைகிறது. நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டுப் பத்துக் காசு மட்டும் வாங்கிக்கொண்டால் இழப்பது 90 ரூபாய். விடை 135க்கும் 225க்கும் உள்ள வேறுபாடும் சரியாக 90. இங்கே குழந்தை நூறிலிருந்து ஒன்றுக்கு ஒரே தாவலில் போகிறது. நடுவில் பத்தில் இறங்கி ஏற வேண்டும் என்பதைத்தான் அதற்குக் காட்ட வேண்டும்.

375 என்று எழுதும் குழந்தைக்குத் தேவை வேறு. அது எங்கேயும் கடன் வாங்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்துவிட்டது: எட்டில் மூன்று போக ஐந்து, ஏழில் பூஜ்ஜியம் போக ஏழு, ஐந்தில் இரண்டு போக மூன்று. மேல் வரிசையில் ஒரு அடித்தலும் இருக்காது. இந்தக் குழந்தையிடம் பூஜ்ஜியத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், பூஜ்ஜியம் இல்லாத 52 – 25 போன்ற கணக்கில் இனமாற்றத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த மூன்று தவறுகளும் உலகெங்கும் குழந்தைகளிடம் காணப்படுபவை. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளின் கழித்தல் தவறுகளில் பலவும் ஒரு தவறான விதியைத் தவறாமல் பின்பற்றுவதால் வருபவை என்று எடுத்துக்காட்டினார்கள். பூஜ்ஜியத்தை ஒன்பதாக்கிவிட்டு இடப்பக்கத்தைக் குறைக்காமல் விடுவது அவர்கள் வகைப்படுத்திய தவறுகளில் ஒன்று. விதியைக் கண்டுபிடித்துவிட்டால், அந்தக் குழந்தை அடுத்த கணக்குக்கு என்ன தவறான விடை எழுதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல முடிகிற தவறுக்கு ‘கவனம் தேவை’ என்று எழுதுவது குழந்தைக்கு எந்த வழியையும் காட்டாது. அதே விதியோடு இன்னும் அதிகக் கவனமாக அவள் மறுபடி 325தான் எழுதுவாள்.

தாளைப் படமெடுத்து அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடித்தல்களும் குட்டி எண்களும் தெரியும்படி எடுங்கள். பகல் வெளிச்சத்தில், தாளுக்கு நேர் மேலிருந்து எடுத்தால் போதும். சாய்வாக எடுத்தால் பத்துகளுக்கு எழுதிய எண் நூறுகளின் மேல் நிற்பதுபோலத் தோன்றும். விளக்கொளியில் பென்சில் கோடு மங்கிவிடும், அடிக்கப்பட்ட பூஜ்ஜியம் 8 போலவோ 6 போலவோ தெரியும். ரப்பர் வைத்து அழித்துச் சுத்தமாக்கிய பிறகு எடுக்காதீர்கள். அழித்த இடத்தில்தான் பெரும்பாலும் செய்தி இருக்கும். படத்தில் தெளிவில்லாத இலக்கத்தை ஊகிப்பதைவிட, அந்த ஒரு கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மறுபடி போடச் சொல்வது நல்லது.

குட்டி எண்கள் எழுதுவதே கூடாது, மனதிலேயே வைத்துக்கொள் என்று கண்டிக்கும் பெரியவர்கள் சில வீடுகளில் இருக்கிறார்கள். கற்கும் காலத்தில் அது குழந்தைக்குச் சுமை. பூஜ்ஜியத்தைத் தாண்டும்போது மூன்று நான்கு எண்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன. அத்தனையையும் மனதில் ஏந்திக்கொண்டே கழிக்கவும் வேண்டும் என்றால் ஏதாவது ஒன்று நழுவும். பழகிய பிறகு அந்தக் குட்டி எண்கள் தாமாகவே குறையும். கட்டம் போட்ட நோட்டில், ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம், மேலே ஒரு வரிசை காலியாக விட்டு எழுதப் பழக்கினால் அவை ஒன்றோடொன்று மோதாமல் நிற்கும்.

மேல் எண் 700, 4000 போல முழுக்கப் பூஜ்ஜியங்களில் முடிந்தால், கடனே இல்லாமல் கழிக்கவும் ஒரு வழி உண்டு. இரண்டு எண்களிலிருந்தும் ஒன்றைக் குறைத்துவிட வேண்டும். 700 – 346 என்பதை 699 – 345 என்று எழுதலாம். ஒன்பதில் ஐந்து, ஒன்பதில் நான்கு, ஆறில் மூன்று. 354. எந்த இடத்திலும் கடன் இல்லை. இரண்டிலும் ஒரே அளவு குறைத்தால் அவற்றுக்கு இடையிலான வேறுபாடு மாறாது என்பதால் இது சரியாக வருகிறது. விடையைச் சரிபார்க்க நல்ல வழி. ஆனால் இனமாற்றம் புரிவதற்கு முன்பே இதைக் கொடுத்துவிட்டால், 6040 போன்ற எண்ணில் குழந்தை திகைத்து நிற்கும். ஒன்றைக் குறைத்தால் 6039 – 2874 ஆகும். ஒன்றுகளில் கடன் தேவையில்லை என்றாலும், மூன்றில் ஏழு போகாது, பக்கத்தில் பூஜ்ஜியம் அப்படியே இருக்கும். அதனால் வரிசையில் இதை இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

அடுத்த நாள் அவளுக்குப் போட்டுக் கொடுக்க அண்ணனுக்கு ஐந்து கணக்குகள் எழுதி அனுப்பினேன். கூடவே அவள் எந்த விடை எழுதினால் என்ன பொருள் என்பதையும் எழுதினேன். 804 – 356: சரியான விடை 448. 548 வந்தால் பழைய விதி இன்னும் மாறவில்லை. 907 – 462: விடை 445. இதில் பூஜ்ஜியம் 10 ஆகி நிற்க வேண்டும். புதிதாகக் கற்ற உற்சாகத்தில் அங்கேயும் 9 எழுதினால் 435 வரும். 7005 – 2003: விடை 5002. இதில் எங்கேயும் கடன் தேவையில்லை, பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவே இருக்க வேண்டும். பூஜ்ஜியத்தைக் கண்டதும் அடிக்கத் தொடங்குகிறாளா என்பது இதில் தெரியும். 3000 – 1264: விடை 1736. 1836 வந்தால் 300 பத்துகள் 299 பத்துகளாவதை விரலால் மூடி மறுபடி காட்ட வேண்டும். கடைசியாக 5030 – 1748: விடை 3282. அங்கே 4282 வந்தால், ஐந்தின் மேல் கோடு விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.